கனவில் ஒரு கைப்பிடி

உங்கள் ஸ்டேஷன் டீ பரவாயில்லை மேடம், இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் தனியாக இருப்பவனுக்கு இதெல்லாம் யார் போட்டுத் தருகிறார்கள். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். நீங்கள் கொள்ளேகால் பெண், தமிழ் புழங்குகிற பக்கம், படித்துவிடுவீர்கள். கோர்ட்டுக்குக் கன்னடத்தில் யாராவது மாற்றிக்கொள்ளட்டும். எனக்கு அலுப்பாக இருக்கிறது.

என் பெயர் கணேஷ்குமார். டெலிபோன் ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கியவன். வித்யாரண்யபுரத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கூட்டம் நடத்துகிறேன். மைசூரில் தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். அவர்களில் ஒருவன்தான் நீங்கள் உள்ளே வைத்திருக்கும் உமேஷ். அவன் அப்பாவைக் கொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றதெல்லாம் அதற்குத் துணையாக வருவதுதான்.

உமேஷ் ஹனூர்ப் பக்கம். நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அப்பா பழனிமுத்து பக்கவாதத்தில் விழுந்து படுக்கையோடு இருந்தார். மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். அக்கா ரூபா மைசூரிலேயே இருந்தும் எட்டிப் பார்க்கவில்லை. காலையில் அப்பாவுக்குத் துடைத்துவிட்டு, ராகிக் கஞ்சி ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் பிடிப்பான். அதையே கதையாக எழுதிக்கொண்டு வந்தான். கதையில் மகனுக்கு மாரிசாமி என்று பெயர் வைத்திருந்தான். யாருக்கும் தெரியாதாம்.

கதை நன்றாகவே இருந்தது. கஞ்சி ஆறும்வரை மாரிசாமி விசிறிக்கொண்டே மணி பார்க்கிற இடமெல்லாம் அசல். நடுவில் ஒரு கனவு வந்தது பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரும்பாம்பு, பாழுங்கிணறு, வெள்ளைச் சேலையில் அம்மா, அப்புறம் மாரிசாமி தலைகுப்புற விழுந்து வியர்த்து விழிக்கிறான்.

"ஏன்டா, இந்தக் கனவை எங்கே வாடகைக்கு எடுத்தே?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான். "நெசமாலுமே பாம்பு வந்துச்சுங்க சார்."

"உனக்கு வரட்டும். மாரிசாமிக்கு எதுக்கு வந்துது?"

கட்டைவிரலை வைத்து அந்தப் பத்தியை மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் படிக்கச் சொன்னேன். படித்தான். கதை ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அப்படியானால் அந்தக் கனவு அங்கே இருக்கவேண்டிய அவசியமே இல்லை, பக்கத்தை நிரப்ப வந்தது, அவ்வளவுதான். கனவை எடுத்தால் கதையின் மறுநாள் காலை நடக்கக்கூடாது. அப்படி இருந்தால்தான் அது கனவு.

நான் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன், வழக்குக்கு வேண்டியிருக்கும். முதலில், அந்த ஆள் விழித்திருக்கும்போது எதைச் சொல்ல மாட்டான் என்று பார்க்கவேண்டும். மாரிசாமி கதை முழுக்க, "அப்பனுக்குச் செய்யறது ஒரு பாரமா?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஒருவன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால் கனவு அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. பயத்தைத் தேடாதே, ஆசையைத் தேடு என்றேன். பயம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆசையில்தான் ஆள் தெரிவான்.

அடுத்தது, கனவுக்கென்று தனி மொழி வேண்டாம். புகையும் மூட்டமும் வேண்டாம். பஸ்ஸைப் பற்றி எழுதுகிற அதே நடையில், அதே குரலில் எழுது. கனவு காண்கிறவன் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை, அதனால் நீயும் ஆச்சரியப்படாதே. சாமான்களெல்லாம் அவன் அன்றாடம் தொடுகிற சாமான்களாக இருக்கட்டும், ஒன்றே ஒன்று மட்டும் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கட்டும். சின்னதாக முடி. விழித்ததும் விளக்கம் சொல்லாதே, அவன் ஒரு காரியம் செய்யட்டும்.

உமேஷ் மறுபடி மறுபடி எழுதிப் பார்த்தான். அப்பா எழுந்து நடக்கிற மாதிரி ஒன்று, அப்பா இறந்துபோய் எல்லோரும் அழுகிற மாதிரி ஒன்று. எல்லாம் சப்பென்று இருந்தது. பையன் நல்லவன் மேடம், அதுதான் அவன் எழுத்துக்குக் கேடு. அப்பா போய்விட்டால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியதே இல்லையோ, தோன்றியும் பார்க்கத் துணிவில்லையோ. கடைசியில் தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டு, "நீங்களே ஒருக்கா பாத்துச் சரி பண்ணிக் குடுங்க சார், என்னால ஆகலைங்க" என்றான்.

ஒரு மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. உங்கள் கையில் எங்கள் கதைக்கூட்டத்தின் அச்சான தொகுப்பு இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம்:

மாரிசாமி நஞ்சன்கூடு பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்து சீட்டில் அப்பா படுத்திருந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். மாரிசாமி சட்டைப் பையிலிருந்து கட்டில் கைப்பிடியை எடுத்து நீட்டினான். கண்டக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பாஸ்தானே, சரி, வைத்துக்கொள் என்றார். ஏத்து, என்றார் அப்பா. நஞ்சன்கூடு வந்ததும் ஏத்தறேன்ப்பா, என்றான் மாரிசாமி. பஸ் எந்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனுக்கு உட்கார இடம் கிடைத்தது.

இதற்குக் கீழே உமேஷ், 'மாரிசாமி கதறிக்கொண்டு எழுந்தான்' என்று எழுதியிருந்தான். அதை அடித்துவிட்டு, 'விழித்தான். பசித்தது. அப்பா மிச்சம் வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்' என்று எழுதினேன்.

உமேஷ் அதை அந்த ஞாயிற்றுக்கிழமை வாசித்தான். வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஆண்டாள் என்று ஒரு டீச்சர் வருவார், லேசில் பாராட்டுகிறவர் இல்லை. அவரே, "உமேஷ், அந்தக் கனவுக்காகவே இந்தக் கதைய நான் திரும்பப் படிப்பேன்" என்றார். உமேஷ் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. பாராட்டு அப்படிப்பட்டது, கையில் விழுந்தபின் திருப்பிக் கொடுக்க மனசு வராது.

தொகுப்பு அச்சாகி வந்த மாதத்திலேயே பழனிமுத்து இறந்தார். கஞ்சி ஊட்டும்போது புரையேறியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பக்கவாதக்காரர்களுக்கு அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அக்கா ரூபா கதையைப் படித்திருந்தாள். "கனவுல கண்டத செஞ்சுட்டான்" என்று உங்களிடம் வந்து புகார் கொடுத்தாள். எட்டிப் பார்க்காதவளுக்கு இதற்கு மட்டும் நேரம் கிடைத்தது.

நீங்கள் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டுக் கேட்டீர்கள், கனவை எழுதியது யார் என்று. உமேஷ் என்றேன். கனவில் வருவது நிஜமாக மனசில் இருப்பதுதானா என்றும் கேட்டீர்கள். நல்ல கதையில் அந்த ஆளுக்குள் இல்லாதது கனவில் வராது, கனவில் வருகிற சாமான் அவன் வீட்டுச் சாமானாகத்தான் இருக்கும் என்றேன். இலக்கியமாகத்தான் பதில் சொன்னேன். நீங்கள் அதைக் குறித்துக்கொண்டீர்கள்.

உமேஷும் உங்களிடம், "கனவு நான் எழுதினதுதானுங்க" என்றே சொல்லியிருக்கிறான். ஒரு வார்த்தை, 'சார் எழுதிக்கொடுத்தார்' என்று சொல்லியிருந்தால் அன்றே வெளியே வந்திருப்பான். சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். எழுதுகிறவர்கள் சங்கதி எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். ஜெயிலில் போய்ப் பார்த்தேன். தாடி வளர்ந்து ஆளே பாதியாகிவிட்டான். கம்பிக்குப் பின்னால் நின்று முதலில் என்ன கேட்டான் தெரியுமா? "சார், கதையப் பத்தி வேற யாராச்சும் பேசினாங்களா?" நல்லா பேசறாங்க உமேஷ் என்றேன். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பாவம். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

நீங்கள் கெட்டிக்காரி. நான் சொன்னதையே பிடித்துக்கொண்டு உமேஷ் வீட்டுக்குப் போய்ப் பார்த்தீர்கள். பழனிமுத்து படுத்திருந்தது சாதாரண மரக்கட்டில். தலைமாட்டுக்கு மூன்று தலையணை. கைப்பிடி என்று ஒன்றுமே இல்லை. "இது எதோட கைப்பிடிப்பா?" என்று கதையைக் காட்டிக் கேட்டதற்கு அவன் பேந்தப் பேந்த விழித்தானாம். நேற்று காலை என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏனுங்க சார், உங்க வூட்டம்மாவும் படுக்கையிலதான் இருந்தாங்களாமே?" என்றீர்கள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே உள்ளே போய்க் குடை மாட்டும் ஆணியிலிருந்து கைப்பிடியை எடுத்து வந்து கொடுத்தேன். அவள் படுத்திருந்தது ஆஸ்பத்திரிக் கட்டில், வாடகைக்கு எடுத்தது. கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும். கட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது இதைக் கொடுக்கவில்லை, தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி கனகா. உமேஷின் கதை வருவதற்கு முந்தின தசராவில் போனாள். வலப்பக்கம் முழுக்க விழுந்து, பேச்சு போய், ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சமிருந்தது: "ஏத்து." தலைமாட்டை உயர்த்தாமல் ஊட்டினால் தொண்டையில் இறங்காது, நெஞ்சில் இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கும் அது தெரியும். நாலு வருஷம் ஒரு வேளைகூடத் தவறாமல் ஏற்றிவிட்டுத்தான் ஊட்டினேன். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். "பொண்டாட்டிக்குச் செய்யறது ஒரு பாரமா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அன்று களைத்துப்போயிருந்தேன். தெருவே ஊர்வலம் பார்க்கப் போயிருந்தது. ஏற்ற மறந்துவிட்டேன். மறதிதான் என்று இந்த வரிவரைக்கும் நானே நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அவளுடைய இடது கை, அசைகிற அந்த ஒரே கை, கட்டிலில் செருகியிருந்த கைப்பிடியைக் காட்டிக்கொண்டே இருந்தது. ஏத்து, ஏத்து என்றாள். அந்தக் கை காட்டுவது எனக்குத் தொந்தரவாக இருந்தது. கைப்பிடியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊட்டினேன். கடைசிவரை என்னையே பார்த்தாள். அடங்கியதும் எனக்குப் பசித்தது. கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் குடித்தேன். கொன்றேன் என்று எழுதவேண்டும் என்றால் எழுதுகிறேன். கொன்றேன்.

அதற்கப்புறம் எனக்குக் கனவே வருவதில்லை மேடம். எழுதியதோடு சரி.

உமேஷை இன்றைக்கே விட்டுவிடுங்கள். அவன் குற்றமில்லாதவன், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன், வேறு எதற்காகவும் இல்லை. ஒன்றே ஒன்று. தொகுப்பு இரண்டாம் பதிப்பு வருகிறது என்று ஆண்டாள் டீச்சர் சொன்னார். அந்தக் கதையில் மற்றதெல்லாம் உமேஷுடையது, கனவுப் பகுதி மட்டும் கணேஷ்குமார் எழுதியது என்று அடியில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். கைதட்டியது அந்த இடத்துக்குத்தான்.