புது வாழ்க்கை என்று எழுத வேண்டாம்

— ‘தங்கள் நிச்சயதார்த்தம் குறித்த தகவல் கிடைக்கப்பெற்றது’ன்னு ஆரம்பிச்சா என்ன சார் அர்த்தம்? கஸ்டம்ஸ்காரனுக்கு பதில் போடுத மாதிரில்லா இருக்கு.

— மேனேஜர் எழுதுதது வேற எப்படி இருக்கும், ஜெயஷீலாக்கா? மரியாதையாத்தான எழுதியிருக்கேன்.

— மரியாதை இருக்கு. மனுசன் இல்ல. அதுவும் ‘செல்வி எமில்டா அவர்களுக்கு’ன்னு போட்டிருக்கீங்க.

— ‘திருமதி’ன்னு போடவும் கை வரல. அவ கடலோட போன எந்தம்பி ரெமிக்குப் பொண்டாட்டி. சனிக்கிழமை வேற ஒருத்தருக்கு மோதிரம் போடப்போறா. நடுவுல எந்த வார்த்தையப் போட?

— ரெண்டும் வேண்டாம். வெறும் எமில்டா. நம்ம டாக்குமெண்ட் செக்‌ஷன் எமில்டா. ஆபீஸ்ல அவளுக்கு அந்தப் பேருதான்.

— சரி. அடிச்சிட்டேன்… அக்கா, அந்த ஜன்னலுக்கு வெளிய பாருங்களேன். இன்னைக்குக் கடலும் வானமும் ஒண்ணாக் கெடக்கு. நங்கூரம் போட்ட கப்பலெல்லாம் ஆகாசத்துல தொங்குத மாதிரி.

— வெயில் மூட்டம். கேளுங்க சார், நீங்க கடலப் பாத்துக்கிட்டே இருந்தா முத்துச்செல்வம் முந்திக்கிடுவான். ஆப்பரேஷன்ஸ்ல போன வருசம் ஒரு பையனுக்கு நிச்சயம் ஆனப்ப ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல என்ன போட்டான்னு ஞாபகம் இருக்கா?

— ‘குட்டிக் கப்பல் எப்ப வரும்’னு.

— அதேதான். முதல்ல வார மெசேஜ் எப்படி இருக்கோ, அப்படித்தான் பின்னால வாரதும் இருக்கும். அதான் உங்கள எழுதச் சொல்லுதேன். நீங்க எழுதாம இருந்தா இன்னும் மோசம். ‘ரெமியோட அண்ணன் வாழ்த்தல, வீட்டுல சம்மதமில்ல போல’ம்பாங்க. நாளைக்கு அவ இந்த வாசப்படி ஏறி வரணும்லா.

— குரூப்ல போடலாம்னு அவ சொன்னாளா?

— கேட்டுட்டேன். லீவு கேட்டு வந்தப்பவே கேட்டேன். மாப்பிள்ளை பேரச் சொல்லலாம், தேதியச் சொல்லலாம், மத்தது வேண்டாம்னா. வேம்பார்க்காரரு, பேரு இனிகோ.

— உங்ககிட்ட சொன்னா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா. ஆறு வருசமா வீட்டுல அத்தான், ஆபீஸ்ல சார். ஒரு தடவ கூட மாத்திக் கூப்பிட்டதில்ல. இத மட்டும் எங்கிட்ட சாராக்கூட சொல்லல, அத்தானாக்கூட சொல்லல.

— வருத்தமா சார்?

— கோவம்னா வெளிய வந்துரும். இது அது இல்ல. எங்கம்மா, அவளுக்கு மாமி, அவகூடத்தான் இருக்கா. ஒரு வாரமாப் போன் பண்ணா ‘சாப்டியா, வச்சிருதேன்’ங்கா. மகனையும் கடல் கொண்டுபோச்சு, இப்ப மருமகளும் போறா. அம்மா மனசு ஒடஞ்சிருக்கும். அம்மா அப்படி இருக்கும்போது நான் ‘மனமார்ந்த வாழ்த்துகள்’னு எப்படி எழுத?

— இத அம்மாவுக்கு எழுதல சார். எமில்டாவுக்கு எழுதுதீங்க. அடுத்தத வாசிங்க.

— ‘அன்பு எமில்டா, நீ பட்ட பாட்டுக்கெல்லாம் மாதா கண்ணத் தொறந்துட்டா. இனியாவது நல்லா இரு.’

— சார்.

— என்ன?

— மொதல்லது ரொம்பக் குளிரு. இது ரொம்பச் சூடு. ‘பட்ட பாடு’ன்னு எழுதுனா முப்பது பேரு அவ பட்ட பாட்ட நெனைப்பாங்க. சந்தோசத்த யாரு நெனைப்பா? ‘இனியாவது’ங்குத வார்த்தை பரிதாபம். வாழ்த்துக்குள்ள பரிதாபம் வரக்கூடாது. அப்புறம் குரூப்ல ‘நீ’ வேண்டாம், ‘நீங்க’தான். வேண்டுதல ஜெபத்துல வச்சுக்கிடுங்க, அங்கன எல்லா மதத்துக்காரங்களும் இருக்காங்க.

— ‘புது வாழ்க்கை’ன்னு போடலாமா? எல்லாரும் போடுததுதான்.

— போடலாம். நீங்க என்ன சொல்லுதீங்க?

— …வேண்டாம். புதுசுன்னா பழசு முடிஞ்சுட்டுன்னு அர்த்தம் ஆயிரும். அவளுக்கும் அது முடிஞ்சிருக்காது. விடியக்காலம் ஒரு கனவு. ரெமி சங்கு குளிக்கப் போற வள்ளத்துல நிக்கான். தண்ணி உப்பளத்துத் தண்ணி மாதிரி, முழங்காலுக்குத்தான் இருக்கு. எதுக்குல இதுல முங்குதன்னு கேக்கேன். சிரிக்கான். அவ்வளவுதான்.

— சிரிச்சாருல்லா. அப்ப எழுதுங்க. ‘உங்கள் நாட்கள்’னு போடுங்க. அதுல புதுசும் கிடையாது, பழசும் கிடையாது.

— ‘உங்கள் நாட்கள் அமைதியும் சிரிப்புமாக அமையட்டும்.’

— இது நல்லாருக்கு. மாப்பிள்ளை பேரையும் அவ பேரோட சேத்து எழுதுங்க. அவர ஒதுக்குன மாதிரி இருக்கக்கூடாது. அழகு, பொருத்தம் அதெல்லாம் வேண்டாம், மேனேஜர் வாயில அது நல்லாருக்காது. கல்யாணம் எப்ப, வேலைக்கு வருவீங்களான்னும் கேக்கக்கூடாது. அவளாச் சொன்னாச் சொல்லட்டும்.

— அவ வேலையப் பத்தி ஒரு வரி?

— ‘திறமையான ஊழியர்’னு போட்டா விருது குடுக்குத மாதிரி ஆயிரும். அதுக்குப் பதிலா உதவியா ஒண்ணு சொல்லுங்க.

— வெள்ளிக்கிழமை ரெண்டு கப்பல் வருது. அவ பேப்பர நானே பாத்துக்கிடுதேன். அதப் போடலாமா?

— அதான் சார் வேணும். அது போதும், அன்பு அதுக்குள்ளயே இருக்கு.

— கேளுங்க அப்ப. ‘அன்புள்ள எமில்டா, உங்கள் நிச்சயதார்த்தச் செய்தி எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது. உங்களுக்கும் இனிகோ அவர்களுக்கும் எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள். உங்கள் நாட்கள் அமைதியும் சிரிப்புமாக அமையட்டும். விடுப்பு நாட்களில் உங்கள் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நிம்மதியாகப் போய் வாருங்கள்.’

— ஏன் சார் நிறுத்திட்டீங்க?

— ‘போய் வாருங்கள்’னு வந்ததும் கை நின்னுட்டு. அன்னைக்கு ரெமிகிட்டயும் கரையில நின்னு அதத்தான் சொன்னேன். போயிட்டு வாலேன்னு.

— எடுத்துரலாமா?

— வேண்டாம். இருக்கட்டும். அத ஒரு தடவையாவது திரும்பி வாரவங்களுக்குச் சொல்லணும்லா.

— கீழ ‘ஜெஸ்டின், கிளை அலுவலகத்தினர் அனைவரின் சார்பில்’னு போடுங்க. ஒரு பூங்கொத்து போதும், இதயமெல்லாம் வேண்டாம். போட்டுட்டீங்களா?

— போட்டுட்டேன். குரூப்ல விழுந்துட்டு.

— பாருங்க, வரிசையா வருது. முத்துச்செல்வம் கூட ‘வாழ்த்துகள் எமில்டா மேடம், வெள்ளிக்கிழமை கப்பலுக்கு நானும் இருக்கேன்’னு போட்டிருக்கான். எமில்டாவும் போட்டுட்டா. ‘மிக்க நன்றி சார். எல்லோருக்கும் நன்றி.’

— சார்தான். சரி. அது போதும்.

— உங்க போன் திரும்ப அடிக்குது. இது குரூப் இல்ல, எமில்டா தனியாப் போட்டிருக்கா.

— அக்கா, நீங்களே வாசிங்க. என் கண்ணுல எழுத்து நிக்கல.

— ‘அத்தான், நீங்க எழுதுனத மாமி மூணு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. வேம்பாருக்குப் போய் இந்த மாப்பிள்ளையப் பாத்துட்டு வந்ததே மாமிதான். தம்பிய நீங்க மறக்கமாட்டீங்க, உங்க மனசு தாங்காதுன்னு, என் வாயால உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனதும் அவங்கதான்.’