வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

– ‘அவங்க வரலையா?’ன்னு கேட்டான். என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கேட்டான். ‘நீங்க அவங்களுக்கு அக்காவா?’ன்னு.

– அக்கா, அது நடந்து மூணு வருஷமாச்சு. டீக்கடை வாசல்ல நின்னுக்கிட்டு அதை எதுக்கு இப்ப போன்ல கிளப்பற?

– இப்ப நான் அவன் இடத்துல நிக்கிறேன்டி. அதான்.

– புரியலை.

– உள்ள உக்காந்திருக்காரு. நாலாவது மேசை, பச்சைச் சட்டை. சொன்ன மாதிரியேதான். ஆனா அந்த ஜோடி தேடற ஆப்ல இருந்த மூஞ்சி இது இல்ல.

– கிழவனா?

– கிழவன் இல்ல. பாதி மூஞ்சி தொங்கிப் போயிருக்கு. கண்ணு ஒண்ணு மூடவே இல்ல. அந்தச் சுருட்டை முடி, கன்னம், எதையும் காணோம். டீ கொண்டு வந்தவங்க பக்கம் திரும்பினப்பத்தான் பாத்தேன்.

– அப்ப யாரோ ஒருத்தன் படத்தைப் போட்டு ஏமாத்தியிருக்கான். வீட்டுக்கு வா.

– இல்லடி. அவரேதான். வலது காது அதே காது. படம் திருத்தற வேலையில எல்லாம் மாத்துவோம், காது மடிப்பை மட்டும் யாரும் மாத்தச் சொல்ல மாட்டாங்க. அதனால முதல்ல அதைத்தான் பாப்பேன். ஆள் அவரு, படம் பழசு.

– சட்டம்னா சட்டம். முதல் தடவை பகல்ல, நாலு பேர் இருக்கற இடம், டீ மட்டும், போன் நம்பர் கிடையாது. படமும் ஆளும் வேறன்னா உள்ளயே போகக்கூடாது. ‘திடீர்னு வேலை வந்துடுச்சு’ன்னு ஒரு மெசேஜ் தட்டிட்டுத் திரும்பு. இன்னும் உன்னைப் பாக்கலையே?

– பாக்கலை. வாசலுக்கு முதுகு காட்டித்தான் உக்காந்திருக்காரு.

– அப்புறம் என்ன?

– மூணு வருஷத்துக்கு முன்னாடி அவன் திரும்பிப் போயிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. நின்னு கேட்டான் பாரு... நான் உள்ள போறேன். உக்காந்து, நேராச் சொல்லி, அப்புறம் வரேன்.

– உங்க போட்டோக் கடைக் கேமராவும் கையிலயா?

– ஆமா. வேலை முடிஞ்சு நேரா வந்தேன். பையைக் கீழ வெக்கவே மாட்டேன், பயப்படாத.

– இருபது நிமிஷத்துல கூப்பிடுவேன். ‘மாத்திரை வாங்கிட்டியா?’ன்னு கேப்பேன். ‘வாங்கல’ன்னா வந்து கூட்டிக்கிட்டுப் போவேன். ‘வாங்கிட்டேன்’னா இருக்கப்போறேன்னு அர்த்தம். மறந்துடாத.

*

– லிஃப்ட்காரரா?

– படக்காரம்மா. உக்காருங்க. தப்பா நினைக்காதீங்க, எழுந்து நிக்கலாம்னுதான் பாத்தேன். ஆனா எழுந்தா கொஞ்சம் தள்ளாடும்.

– பரவாயில்ல. ஏன் சுவரைப் பாத்து உக்காந்திருக்கீங்க? இந்தப் பக்கம் வந்தா தெரு தெரியுமே.

– வெளிச்சம் இந்தக் கண்ணுக்கு ஆகாது. டீ சொல்லட்டுமா?

– ஒண்ணு. சின்னது.

– அக்கா, ஒரு சின்ன டீ. ...சரிங்க, நீங்களே கேளுங்க. இல்ல நான் சொல்லணுமா?

– நானே கேக்கறேன். இல்ல, அது வந்து... ஆப்ல இருக்கற படமும் நீங்களும் வேற மாதிரி இருக்கீங்க. பாத்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு. பாக்காத மாதிரி உக்காந்து பேசினா அது உங்களை அவமானப்படுத்தற மாதிரி. அதான் சொல்லிட்டேன்.

– ரொம்ப நன்றிங்க.

– எதுக்கு?

– இது வரைக்கும் யாரும் இப்படி உக்காந்து சொன்னதில்ல. என் தலைக்கு மேல வாசச் சுவத்துல மாட்டியிருக்கற காலண்டரைப் பாத்துத்தான் பேசுவாங்க. ...படம் ஆறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. அப்புறம் காதுக்குப் பின்னாடி ஒரு கட்டி வந்துச்சு. எடுத்தாங்க. கட்டியோட மூஞ்சி நரம்பும் போச்சு.

– வலிக்குமா?

– வலி இல்ல. கண்ணு காயும், சொட்டு மருந்து விட்டுக்கணும். ‘ப’ வராது, ‘ம’ வராது, நான் படக்காரம்மான்னு சொன்னப்ப உங்களுக்கே கேட்டிருக்கும். டீ குடிக்கும்போது உதட்டை இப்படி விரலால பிடிச்சுக்கணும். தப்பா நினைக்காதீங்க, பாக்கக் கஷ்டமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கலாம்.

– நான் பாக்கறேன். எனக்கு அது ஒண்ணும் இல்ல. மூஞ்சி உங்க தப்பு இல்ல. ஆனா மூணு வாரம் பேசியிருக்கோம். ஒரு வரி சொல்லியிருக்கலாம். அது உங்க தப்பு.

– ஆமாம். தப்புதான்.

– ஏன் சொல்லல?

– முதல்ல இப்ப இருக்கற மூஞ்சியைத்தாங்க போட்டேன். நாலு மாசம் போட்டிருந்தேன். ஒருத்தர் மட்டும் மெசேஜ் பண்ணாங்க. மருத்துவப் படிப்பு படிக்கறாங்களாம், பல்லைக் காட்டிச் சிரிச்ச மாதிரி ஒரு படம் அனுப்ப முடியுமான்னு கேட்டாங்க.

– அனுப்பினீங்களா?

– அனுப்பினேன். பாடத்துக்கு உதவும்னாங்களே.

– ஐயோ.

– அதுக்கப்புறம்தான் பழைய படத்தைப் போட்டேன். ஒரு வாரம் பேசினதும் சொல்லிடணும்னு நினைப்பேன். ஒரு வாரம் ஆனதும், இவ்வளவு நல்லாப் பேசறாங்களே, நாளைக்குச் சொல்லலாம்னு தோணும். நீங்க வேற சிரிக்க வெச்சுட்டீங்க.

– நான் எங்க சிரிக்க வெச்சேன்? ‘இன்னைக்கு எத்தனை பேருக்கு வயசைக் குறைச்சீங்க?’ன்னு தினமும் மதியம் கேட்டது யாரு?

– இன்னைக்கு எத்தனை?

– பதினொண்ணு. அதுல ஒருத்தர் நாய்க்கும் சேத்துக் குறைக்கச் சொன்னார்.

– பாத்தீங்களா, பாதிச் சிரிப்புதான் வருது. மீதி உள்ள இருக்குன்னு வெச்சுக்கங்க.

– நானும் ஒண்ணு சொல்லணும். மூணு வருஷத்துக்கு முன்னாடி என் படத்தை நானே திருத்திப் போட்டேன். தாடையைச் செதுக்கினேன், தோலைத் தேய்ச்சேன், பத்து கிலோ எடுத்தேன். எல்லாருக்கும் செய்யறதுதானேன்னு செஞ்சேன். வந்தவன் என்கிட்டயே ‘அவங்க வரலையா?’ன்னு கேட்டான்.

– நீங்க என்ன சொன்னீங்க?

– ‘அவளுக்கு உடம்பு சரியில்ல’ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சிரிக்கலாம். பரவாயில்ல.

– சிரிக்கலைங்க. மூடாத கண்ணு காஞ்சு சும்மாவே வடியும். இப்ப வடியறது மத்தக் கண்ணு, அவ்வளவுதான்.

– அதனாலதான் ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். இந்த டீ முடியும்போது, பொருந்தாதுன்னு தோணினா மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுத்தான் போவேன். ‘வீட்டுக்குப் போய் மெசேஜ் பண்றேன்’னு சொல்லிட்டுக் காணாமப் போக மாட்டேன்.

– பொருந்தும்னு தோணினா?

– இன்னொரு டீ.

– இப்ப எதுங்க?

– இன்னும் பாதி இருக்கே. லிஃப்ட்டைப் பத்திச் சொல்லுங்க. இன்னும் ஆளுங்களை வெளிய எடுக்கறீங்களா?

– இப்ப இல்ல. பட்டறையில உக்காந்து மின்பலகை சரிபாக்கறேன். முன்னாடி போவேன். உள்ள மாட்டினவங்ககிட்ட வெளிய நின்னு பேசிக்கிட்டே இருக்கணும், ‘வந்துட்டேன், கதவைத் தொடாதீங்க’ன்னு. கதவு திறந்ததும் ஓடிடுவாங்க. திறந்தவன் மூஞ்சியை யாரும் பாக்க மாட்டாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. கட்டிக்கு அப்புறம் ஒரு தடவை போனேன். கதவைத் திறந்தேன். உள்ள ஒரு அம்மா, கையில குழந்தை. என்னைப் பாத்துட்டு உள்ளயே பின்னால நகந்தாங்க. மூச்சு முட்டுது அவங்களுக்கு, வெளிய வரமாட்டேங்கறாங்க. நான் ஒதுங்கிப் படிக்கட்டுப் பக்கம் போனப்புறம்தான் வந்தாங்க. தப்பா நினைக்காதீங்க. சந்தோஷமாப் பேசிக்கிட்டிருந்தோம், நான் கெடுத்துட்டேன்.

– இல்ல. அது வந்து... ஒரு நிமிஷம், போன். தங்கச்சி. ...சொல்லுடி. ம். ம், வாங்கிட்டேன். வாங்கிட்டேன்னு சொல்றேன்ல. சரி, வை.

– உடம்புக்கு என்னங்க?

– ஒண்ணுமில்ல. சும்மா மாத்திரை விஷயம். ...கை கழுவற இடம் பின்னாலயா?

– சமையல்கட்டைத் தாண்டி இடது பக்கம். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமா இருக்கும். தூக்கித் தள்ளணும்.

– உங்களுக்கு எல்லாம் தெரியுதே. இருங்க, கை கழுவிட்டு வந்துடறேன்.

– நிதானமாப் போயிட்டு வாங்க. அப்புறம்... பேசினதுக்கு நன்றி. நேராப் பாத்துப் பேசினதுக்கு.

– இப்பவே என்ன நன்றி?

*

– கண்ணு, யாரைத் தேடறீங்க?

– நாலாவது மேசையில நீங்க டீ வெச்சீங்களேக்கா, அவரை. பச்சைச் சட்டை.

– போயிட்டாரும்மா. நீங்க உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டதுமே எழுந்துட்டாரு.

– போயிட்டாரா? நான் கை கழுவத்தானே போனேன்.

– பத்து நிமிஷமாச்சே கண்ணு.

– அழுகை வந்துடுச்சுக்கா. அவர் முன்னாடி அழுதா பரிதாபப்படறேன்னு நினைச்சுடுவாரேன்னு உள்ள போனேன். மூஞ்சியைக் கழுவிட்டு, இந்தப் பின் ஜன்னல்ல வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாத்துட்டு... அவரை ஒரு படம் எடுக்கணும்னு நினைச்சேன். இப்ப இருக்கற மாதிரியே, திருத்தாம.

– பையை எதுக்குங்க எடுத்துக்கிட்டுப் போனீங்க?

– கடைக் கேமரா உள்ள இருக்கு. எங்கயும் விட்டுட்டுப் போக மாட்டேன். ஏன்?

– பாருங்க கண்ணு, அவரு இங்க எட்டாவது தடவை வராரு. எப்பவும் அதே மேசை. வந்ததும் ரெண்டு பேருக்கும் பணத்தைக் குடுத்துடுவாரு. வாசலுக்கு முதுகு காட்டி உக்காந்துடுவாரு.

– வெளிச்சம் ஆகாதுன்னு சொன்னாரே.

– வரவங்க வாசல்லயே பாத்துட்டுத் திரும்பிப் போனா அவருக்குத் தெரியக்கூடாதுன்னு. அவங்களுக்குச் சங்கடமா இருக்குமாம். உள்ள வந்து உக்காந்தவங்களும், ஒரு போன் வரும், பையை எடுத்துக்குவாங்க, ‘கை கழுவிட்டு வந்துடறேன்’ம்பாங்க. அவ்வளவுதான்.

– ஐயோ. அதே மாதிரியா நானும்...

– திட்டிட்டுப் போனது ஒருத்தங்கதான். மத்தவங்க எல்லாம் உங்களை மாதிரிச் சிரிச்சுப் பேசினவங்கதான் கண்ணு. அதுல ஒரு பொண்ணு முக்கால் மணி நேரம் உள்ளயே நின்னுட்டா. இவரு போறாரா போறாரான்னு தாழ்ப்பாளைத் திறந்து திறந்து பாக்கறா. இவரு வருவாளேன்னு உக்காந்திருக்காரு. கடைசில நான்தான் போய்ச் சொன்னேன். அன்னையிலருந்து, பையோட எழுந்தாங்கன்னா இவரே முன்னால போயிடுவாரு.

– ஒரு நிமிஷம்க்கா, மெசேஜ் பண்றேன். இங்கதான் இருக்கேன்னு... காணோமே. அவர் பேரையே காணோம். மூணு வாரம் பேசினது ஒண்ணுமே இல்ல.

– அழிச்சுட்டிருப்பாரும்மா. பதில் எழுத வேண்டிய கஷ்டம் உங்களுக்கு வேண்டாம்னு.

– நம்பர் இல்லக்கா என்கிட்ட. உங்ககிட்ட இருக்கா? எந்தப் பட்டறைன்னு தெரியுமா?

– தெரியாது கண்ணு. கேட்டதே இல்ல. பேரைக்கூடக் கேட்டதில்ல.

– எட்டு தடவை வந்திருக்காரே. இன்னொரு தடவை வருவாரில்ல?

– இத்தனை தடவையும் வந்தாரு, இனிமே... தெரியலம்மா. எப்பவும் போகும்போது ‘அடுத்த வாரம் பாக்கலாம்க்கா’ம்பாரு.

– இன்னைக்கு என்ன சொன்னாரு? எனக்கு ஏதாவது சொல்லச் சொன்னாரா? நான் ரெண்டாவது டீ சொல்லத்தான் உங்ககிட்ட வந்தேன்க்கா. ரெண்டு பெரிய டீ.

– இன்னைக்கு ஒண்ணும் சொல்லல. நீங்க இருந்த பக்கம் ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் அந்த வாசக் கண்ணாடிக் கதவு தானா மூடிக்கும் இல்லையா, அதை முழுசாத் திறந்து, மூடாம இருக்க அவர் உக்காந்திருந்த நாற்காலியை முட்டுக் குடுத்து வெச்சாரு. வெச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டாரு.