பைக் படம்

டீ நல்லா இருக்கு சார், சக்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவால்ல. உக்காருங்க, சொல்றேன். நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு என் பொண்ணு சொல்லுவா, நீங்களே கை காட்டி நிறுத்திக்கோங்க.

மாப்பிள்ளை கெட்டவரு இல்ல. குடி கிடையாது, பீடி கிடையாது. ஒரே ஒரு குறை, பொம்பளை சொன்னா காதுல ஏறாது. போன்ல வழி சொல்றவ சொன்னா மட்டும் ஏறும். அவளும் பொம்பளைக் குரல்தான், அதை நான் சொன்னா சிரிப்பாரு.

என் பொண்ணுக்கு மூச்சிழுப்பு. அன்னைக்குக் கார் பின் சீட்டுல என் மடியில படுத்திருந்தா. "மாப்பிள்ளை, அந்தச் சின்னத் தெருவுல திரும்புங்க, கால்வாயைத் தாண்டினா ஆஸ்பத்திரி"ன்னு சொன்னேன். தினமும் அவ ஸ்கூட்டர்ல நான் பின்னாடி உக்காந்து போற வழி சார் அது, எனக்குத் தெரியாதா. "மேப்புல அந்த வழி காட்டல அத்தை, சும்மா இருங்க"ன்னாரு. பெரிய ரோட்டுல சுத்திப் போனோம். சிக்னல்ல நின்னோம். அங்கயே அவ கை ஜில்லுனு ஆயிடுச்சு.

நான் அழல. கோவம் வந்தா எனக்குக் கண்ணீர் வராது.

அப்புறம் மூணு மாசத்துல அவருக்கு வேற பொண்ணு பேசினாங்க. அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னாடிதான் அவங்க வீடு. "நீங்களும் வந்தா மரியாதையா இருக்கும் அத்தை"ன்னாரு. வரேன்னேன். பட்டுப்புடவை கட்டிக்கிட்டேன்.

போனை சார்ஜ்ல இருந்து எடுத்துக் கார்ல மாட்டினது நான்தான். போற இடத்தையும் நானே அடிச்சேன். மேல கார் படம், பைக் படம், ஆள் நடக்கற படம்னு வரிசையா இருக்கும். பைக்கைத் தொட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. என் பொண்ணு கத்துக்குடுத்தது அது. "இதுக்குக் கண்ணு கிடையாதும்மா. நாம எதுல போறோம்னு நாம சொன்னாதான் தெரியும். பைக்னு வெச்சா சந்துபொந்தெல்லாம் வழியாக்கும்"னு சொல்லுவா.

எப்பவும் இருபது நிமிஷம் காட்டற இடத்துக்கு ஒம்பது நிமிஷம் காட்டுச்சு. "பாத்தீங்களா, இன்னிக்கு ட்ராஃபிக்கே இல்ல"ன்னாரு மாப்பிள்ளை. மேல இருந்த படத்தை அவரு பாக்கல. நேரத்தைத்தான் பாத்தாரு.

அன்னைக்கு நான் சொன்ன அதே சின்னத் தெருவுக்குள்ள திரும்பினதும் மழை. ரெண்டு பக்கமும் மாடி வீடு, நடுவுல கார் கண்ணாடியை மடக்கிக்கிட்டுத்தான் போகணும். உயரமான சுவருக்கு நடுவுல போன் சிக்னல் தடுமாறும் போல. மேப்புல நம்ம அம்புக்குறி குதிச்சுப் பக்கத்துத் தெருவுல போய் நின்னுச்சு. "இடது பக்கம் திரும்பவும்"னா. இடது பக்கம் யார் வீட்டுச் சமையக்கட்டோ இருக்கு. மாப்பிள்ளைக்கு எரிச்சல். மைக்கை அமுக்கி, "இந்தத் தெருவுல கார் போகுமா?"ன்னு கேட்டாரு. பக்கத்துல மூணு கார் மெக்கானிக் கடை இருக்கு, ஒண்ணை வழியில சேர்க்கட்டுமான்னா அவ. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிக்கிட்டேன்.

"வேற வழி இருக்கா?"ன்னு கேட்டாரு. அதுவும் பைக் வழிதானே குடுக்கும். அதே கால்வாய், அதே பாலம், ஒரு வளைவுதான் வித்தியாசம்.

அப்ப நான் நிஜத்தைத்தான் சொன்னேன் சார், எழுதிக்கோங்க. "வேண்டாம் மாப்பிள்ளை, முன்னாடி சின்னப் பாலம், பின்னாடியே எடுத்துடுங்க"ன்னேன். நல்ல மெதுவா, பாசமா சொன்னேன். "உங்களுக்கு என்ன தெரியும்? நேரா போகச் சொல்லுது"ன்னாரு. இதைத்தான் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும்.

தலைவலி மாத்திரை வாங்கணும்னு சொல்லி இறங்கிக்கிட்டேன். கதவு பாதிதான் திறந்துச்சு, புடவை மாட்டிக் கிழிஞ்சுது.

பாலத்துக்குக் கைப்பிடி கிடையாது. முன் சக்கரம் ஒண்ணு வெளிய போச்சு, வண்டி சாய்ஞ்சு தலைகீழா கால்வாய்க்குள்ள போச்சு. மழைத்தண்ணி வேகமா ஓடுது. மாப்பிள்ளை "அத்தை, அத்தை"ன்னு கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. கல்யாணமாகி ஆறு வருஷத்துல அவ்வளவு ஆசையாக் கூப்பிட்டதே இல்ல. உள்ள அந்தப் பொம்பளையும் விடாம பேசிக்கிட்டிருந்தா, நேராப் போகவும்னு.

கொத்தனாரு ஒருத்தர் கடப்பாரையோட ஓடி வந்தாரு. "உள்ள யாராச்சும் இருக்காங்களாம்மா?"ன்னு கேட்டாரு.

"இல்லப்பா, டிரைவர் கிரேன் கூட்டிட்டு வரப் போயிருக்காரு"ன்னேன்.

அவரு கடப்பாரையைக் கீழ வெச்சுட்டு எனக்குக் குடை பிடிச்சாரு. நல்ல மனுஷன். தண்ணி வண்டியை மூடற வரைக்கும் பிடிச்சிருந்தாரு.

நீங்க பாலத்தை டேப் வெச்சு அளந்தீங்களாமே. காரை விட ஒரு முழம் குறைச்சலாம், யார் ஓட்டினாலும் போயிருக்காதாம். என் பொண்ணு போன அன்னைக்கு அவன் சுத்திப் போனதுதான் சரின்னு வெளிய அந்தக் கான்ஸ்டபிள் தம்பி சொல்லிக்கிட்டிருந்தாரு, காதுல விழுந்துச்சு.

அந்தத் தம்பி சின்னப் பையன் சார். அவன் அன்னைக்கு என் பேச்சைக் கேட்டு, கொஞ்சம் பாத்து மெதுவா ஓட்டியிருந்தா, போயிருக்கும்.