மைக்கில் கூப்பிடுகிற பெயர்

றஞ்சினி: ...இறுதியாக, இவ்வளவு நேரமும் பொறுமையோடு அமர்ந்திருந்த உங்கள் அனைவருக்கும்... என்னடி, நித்திரையே?

சிவராணி: இல்லை. கண்ணைத்தான் மூடினனான். காது திறந்துதான் கிடக்கு.

றஞ்சினி: நாளைக்கு ஆண்டு விழா மண்டபத்தில இருநூறு பேர் இப்பிடித்தான் கண்ணை மூடிக்கொண்டு இருக்கப் போயினம்.

சிவராணி: நன்றியுரைக்கு ஆரும் நித்திரை கொள்ளமாட்டினம். அந்த நேரம் வஸீர் நானாவின்ர சாப்பாட்டுப் பொதி வாசலுக்கு வந்திடும். மணமே எழுப்பிப்போடும்.

றஞ்சினி: அதைத்தான் மனேஜரும் சொன்னவர். மூண்டு நிமிசம், அதுக்கு மேல போனால் கதிரை இழுபடுற சத்தம் கேக்குமாம்.

சிவராணி: மூண்டே? போன வருசம் நன்றி சொன்னவர் இருபது நிமிசம் நிண்டவர் எல்லே.

றஞ்சினி: அவர் பிரதம விருந்தினர் பேசினதை எல்லாம் திருப்பிப் பேசினவர். அப்பிடிச் செய்யக் கூடாதாம். அவர் சொன்னதில ஒரு சொல்லை மட்டும் பிடிச்சு வைச்சிருந்து திருப்பிக் குடுக்க வேணுமாம். நாங்கள் கேட்டனாங்கள் எண்டு அவருக்கு விளங்கினால் காணும். அதுக்கெண்டு இதில ஒரு வரி வெறுமையா விட்டிருக்கிறன், பார்.

சிவராணி: படகு ஆடுது. எழுத்துத் தெரியேல்லை.

றஞ்சினி: ஆடேல்லை. கடல் வத்திப் படகு தரை தட்டிக் கிடக்கு. உனக்குத்தான் கண் சொக்குது.

சிவராணி: ஓமடி... இந்தக் காத்தும், தண்ணிக்குள்ள காலும்... சந்தியோகு அண்ணன் தன்ர படகை எங்களுக்கெண்டே இதில விட்டிட்டுப் போனவர் போல கிடக்கு. எங்கட ஊர் நானாட்டானில இந்தச் சுகம் இல்லை. அங்க வயலும் உழவு மிசின் சத்தமும்தான். சரி, முதல்ல இருந்து சொல்லு. ஆருக்கு முதல் நன்றி?

றஞ்சினி: பிரதம விருந்தினருக்கு. பேரும் பதவியும் பிழைக்கக் கூடாது. பிறகு ஆசி தந்த பாதர், ஐயர், மௌலவி. பிறகு எங்கட நண்டுக் கம்பனிப் பணிப்பாளர் நவரத்தினம் ஐயா. அதுக்குப் பிறகு நண்டு தாற தொழிலாளர். பிறகு விருது எடுத்த ஆக்களுக்கு வாழ்த்து. பிறகு மேடை, ஒலிபெருக்கி, சாப்பாடு. கடைசியாச் சனம்.

சிவராணி: வராத ஆளுக்கும் நன்றி சொல்லிப்போடாத.

றஞ்சினி: அதுக்குத்தான் பேனை கொண்டு போறன். விளக்கேத்தேக்க இருந்து ஆர் ஆர் வந்தது எண்டு ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில கோடு போட வேணும். வராட்டில் வெட்ட வேணும். தனக்குப் பதிலா ஆளை அனுப்பினால், வந்தவரின்ர பேரைக் கேட்டு எழுத வேணும். இது லேசான வேலை எண்டு நினைச்சியே? மற்றவை தங்கட பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டு இருப்பினம். நான் விழா முழுக்க இமிக்கிறேசன்காரன் மாதிரி ஆளை எண்ணிக்கொண்டு இருக்க வேணும்.

சிவராணி: ஹ்ம்... நிண்டு சொல்லு. நான் இருநூறு பேர்.

றஞ்சினி: நாலு வருசத்துக்கு முந்தி இந்தக் கரைக்குத் திரும்பி வரேக்க எங்களிட்டக் கையைத் தவிர வேற ஒண்டும் இருக்கேல்லை. அந்தக் கைக்கு ஒரு மேசையும் ஒரு தொழிலும் கிடைத்தது. அந்தக் கையாலேயே இன்று உங்களைக் கும்பிடுகிறேன்... என்ன, சரியில்லையே?

சிவராணி: இல்லையடி, நல்லாக் கிடக்கு. இது மனேஜர் எழுதித் தந்ததே?

றஞ்சினி: இல்லை, நான்தான். நண்டுச் சதை எடுக்கேக்க எழுதினது. மனசுக்குள்ளதான். கை நண்டோட்டைப் பிரிக்கும், வாய் நன்றி சொல்லும். நேற்று லூர்தம்மா அக்கா கேட்டவ, ஆருக்கடி செபம் சொல்லுறாய் எண்டு.

சிவராணி: போ, போ. மேல சொல்லு.

றஞ்சினி: அதிகாலையில் கடலுக்குப் போய் எங்கள் மேசைக்கு நண்டு கொண்டு வரும் தாழ்வுபாட்டுக் கிராமச் சகோதரர்களுக்கு நன்றி. நீங்கள் வலையை உதறாவிட்டால் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது. இன்று விருது பெற்ற... எல்லாருக்கும் எங்கள் வாழ்த்துகள். மேடை அமைத்தவர்களுக்கும்...

சிவராணி: நில்லு. எல்லாருக்கும் எண்டு அடிச்சு விட்டுட்டாய்.

றஞ்சினி: ஓம். அது காணும்.

சிவராணி: காணாது. மூண்டு பேருக்குத்தானே விருது? மூண்டு பேரையும் பேர் சொல்லித்தான் வாழ்த்த வேணும். போன வருசமும் அப்பிடித்தான்.

றஞ்சினி: பேர் உறைக்குள்ள கிடக்கு. நன்றியுரை சொல்லுற ஆளுக்கு மட்டும்தான் முதலே குடுக்கிறது. நாளைக்குத்தான் பிரிக்கலாம்.

சிவராணி: உந்த உறையின்ர வாய் திறந்தெல்லே கிடக்கு.

றஞ்சினி: ...உப்புக் காத்து. பசை விட்டிட்டுது.

சிவராணி: ம்... பொல்லாத காத்துத்தான்.

றஞ்சினி: சிவராணி, உனக்கொண்டு தெரியுமே? நன்றியுரைக்கு நிக்கிற ஆளுக்கு விருது குடுக்கமாட்டினம். மேடைக்கு ஒரு ஆள் ரெண்டு தரம் ஏறினால் சனம் கதைக்குமாம். மனேஜர் என்னைக் கூப்பிட்டு, றஞ்சினி, நீங்கள்தான் இந்த முறை நன்றியுரை எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லேக்கயே எனக்கு மற்றது விளங்கிட்டுது.

சிவராணி: நீ அதை எதிர்பாத்தனியே?

றஞ்சினி: பாத்தனான். பொய் சொல்லுவானேன்? வருசம் முழுக்க என்ர தட்டில சதையோட ஒரு நண்டோட்டுத் துண்டு பிடிபடேல்லை. சின்னவளுக்கு டெங்கு வந்து பதினொரு நாள் லீவு போட்டன். அதுதான் கவிழ்த்துப்போட்டுது.

சிவராணி: அந்தக் கேடயத்தை எங்க வைக்க இருந்தனி? உன்ர வீட்டில அலுமாரியும் இல்லை.

றஞ்சினி: கேடயம் ஆருக்கு வேணும்... சிரிக்கமாட்டன் எண்டு சொல்லு.

சிவராணி: சிரிக்கமாட்டன்.

றஞ்சினி: எனக்கு ஒரு கனவு வாறது. பெரிய மண்டபம். ஜன்னலுக்குள்ளால கடல் தெரியுது. ஒரே வெளிச்சம். மைக்கில என்ர பேரைக் கூப்பிடுகினம். நான் எழும்பி ஓடுறன். பாத்தால் கையில அலுமினியச் சட்டி.

சிவராணி: சட்டியோ?

றஞ்சினி: சட்டிதான். இந்தியாவில, மண்டபம் அகதி முகாமில பத்தொன்பது வருசம் மைக் சத்தம் எண்டால் அரிசி, இல்லாட்டில் ஆள் கணக்கு. அங்கயும் என்ர பேரைக் கூப்பிட்டதில்லை. பெனடிக்ற் குடும்பம், ஐஞ்சு பேர். அது அப்பாவின்ர பேர். கலியாணம் முடிச்சாப் பிறகு ஜோன்சன் குடும்பம், நாலு பேர். இங்க வந்து வீட்டுத்திட்டத்துக்கு வரிசையில நிண்டனாங்கள், அங்கயும் ஜோன்சன் குடும்பம். நாற்பது வயசாகப் போகுது. றஞ்சினி எண்டு ஒரு மைக்கும் சொன்னதில்லை. ஒரே ஒருக்கா... சட்டி இல்லாமல் எழும்பிப் போக வேணும் போல. அவ்வளவுதான்... சிரிக்கிறாய்.

சிவராணி: இல்லை. மூக்குக்குள்ள காத்து. எங்கட அம்மா சொல்லுவா, தேயிலைத் தோட்டத்தில விடியக் காலமை பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க நிக்கேக்க ஒவ்வொருத்தரா பேர் கூப்பிடுவினமாம். பேர் கேட்டால் பிடரி விறைக்குமாம், அண்டைய வேலை எந்த மலையில எண்டு. பேரால வேலைதான் வரும், வேற ஒண்டும் வராது எண்டு நினைச்சே அவ செத்துப்போனா.

றஞ்சினி: அங்க பார், பூநாரை. என்ன கனக்க வந்திருக்கு...

சிவராணி: கதையை மாத்தாத. வாழ்த்துற வரியைப் பழக வேணும். உறை பிரிக்கேல்லை எண்டால், ஏதாவது பேரை வைச்சுச் சொல்லிப் பார்.

றஞ்சினி: இன்று ஆண்டின் சிறந்த பணியாளர் விருது பெற்ற லூர்தம்மா அவர்களுக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள்.

சிவராணி: நல்லாக் கிடக்கு. இப்ப என்ர பேரை வைச்சுச் சொல்லு.

றஞ்சினி: உன்ர பேர் எதுக்கு?

சிவராணி: சும்மா பழகத்தானே.

றஞ்சினி: ...இன்று ஆண்டின் சிறந்த பணியாளர் விருது பெற்ற சிவராணி அவர்களுக்கு... எங்கள் வாழ்த்துகள்.

சிவராணி: என்னடி, மரண அறிவித்தல் மாதிரிக் கிடக்கு. மனமார்ந்த எண்டதையும் காணேல்லை.

றஞ்சினி: தொண்டை காய்ஞ்சு போச்சு.

சிவராணி: இந்தா தண்ணி. குடிச்சிட்டு ஆறுதலாச் சொல்லு.

றஞ்சினி: இன்று விருது பெற்ற... ஏலாமல் கிடக்கு சிவராணி. நாளைக்குச் சொல்லுறன்.

சிவராணி: நாளைக்கு இருநூறு பேருக்கு முன்னால ஏலாமல் போனால்? குரல் கசந்தால் சனத்துக்கு விளங்கும். முன் வரிசையில இருக்கிற ஆளுக்கு இன்னும் விளங்கும்.

றஞ்சினி: அதுதானடி எனக்கும் பயம். மூண்டு நாளா அதுதான் பயம். பேச்சு மறந்திடும் எண்டு இல்லை. அந்த ஒரு பேரில வந்து என்ர குரல் என்னைக் காட்டிக் குடுத்திடும் எண்டு.

சிவராணி: ...எந்த ஒரு பேர்?

றஞ்சினி: ஏதோ ஒரு பேர்.

சிவராணி: சரி. கடலைப் பாத்துச் சொல்லு. என்னைப் பாக்காத. முதல் நாள் எனக்கு ஓடு பிரிக்கத் தெரியாமல் விரல் வெட்டி ரத்தம் ஓடினது நினைவிருக்கே? நீ உன்ர தட்டில இருந்து அரைவாசிச் சதையை என்ர தட்டில போட்டனி, எனக்கு அண்டைய நிறை வரவேணும் எண்டு. அதை நினைச்சுக்கொண்டு சொல்லு. அவசரமில்லை. கடல்வெள்ளம் ஏறிப் படகு மிதக்க இன்னும் நேரம் கிடக்கு.

றஞ்சினி: எங்கள் மேசையில் என் இடப்பக்கம் இருக்கிறவள். ஒரு வருசத்தில் ஒரு நாளும் லீவு எடுக்காதவள். என் பிள்ளை காய்ச்சலாகக் கிடந்த பதினொரு நாளும் வேலை முடிய நானாட்டான் பஸ்ஸை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு வந்தவள். இன்று ஆண்டின் சிறந்த பணியாளர் விருது பெற்ற சிவராணிக்கு, எங்கள் எல்லாருடைய... என்னுடைய... மனமார்ந்த வாழ்த்துகள்... இப்ப எப்பிடி?

சிவராணி: இப்ப சரி.

றஞ்சினி: நீ அழுறாய்.

சிவராணி: உப்புக் காத்து எண்டு சொன்னனி எல்லே.

றஞ்சினி: சிவராணி... நான் உனக்கொரு பொய் சொல்லிப்போட்டன். உறையைத் தந்த அண்டைக்கே பிரிச்சுப்போட்டன். உள்ளுக்குச் சிறந்த பணியாளர் எண்டதுக்கு உன்ர பேர்தான். சொல்லக் கூடாது எண்டவை. நாளைக்கு நீ தெரியாத மாதிரித் திகைக்க வேணும், சரியே? ஒரு ரெண்டு நாள் உன்னில எரிச்சலும் வந்தது. இப்ப இல்லை. ஏன், இப்ப நீ திகைக்கவேயில்லை? உனக்கு முதலே தெரியுமே?

சிவராணி: புதன்கிழமையே மனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டார். விருதை றஞ்சினிக்குக் குடுங்கோ எண்டு கேட்டன். வேலைக்கு வந்த நாளின்ர வரவுக் கணக்கு, மாத்தேலாது எண்டவர். அப்ப நன்றியுரையை எண்டாலும் அவளுக்குக் குடுங்கோ எண்டன். ஓம் எண்டு சொல்லி நிகழ்ச்சி நிரலில 'திருமதி ஜோன்சன்' எண்டு அடிச்சவர்... அதை வெட்டி, றஞ்சினி எண்டு போடுவிச்சிட்டுத்தான் நான் மனேஜரின்ர கந்தோரை விட்டு வெளிக்கிட்டனான். நாளைக்கு மைக்கில கூப்பிடுவினம். சட்டியை வீட்டில வைச்சிட்டு வா.