விட்டுப்போன பத்தி

நிற்கவைத்துப் பேசச் சொல்லாதீர்கள், வலது தோள் இறங்கிவிட்டது. இருபத்தொன்பது வருஷம் அச்சுப்பொறியின் தண்டை இழுத்த தோள் அது. மழை வருவதை ஒரு நாள் முன்பே சொல்லிவிடும். தண்டு இழுத்தவன் எவனும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பான். அதனால்தான் எழுத்துக் கோர்ப்பவர்கள் எங்களைக் கரடி என்பார்கள். இந்த முக்காலி போதும்.

என் பெயர் அன்செல்ம் ரொக்கே. பதினோரு நாளாக என்னை அடைத்து வைத்திருக்கிறீர்கள், எதற்கென்று இன்று காலைதான் சொன்னீர்கள். குறை சொல்லவில்லை, புரட்சிக் குழுவின் குடிமக்களே. உங்கள் தலைக்கு மேல் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பத்தி, குற்றம் இன்னதென்று சொல்லாமல் எவரையும் சிறை வைக்கலாகாது என்கிற பத்தி, பாரிஸில் முதன்முதலாக அச்சேறியது என் கையால்தான். நன்றாகத்தான் மாட்டியிருக்கிறீர்கள். யாரும் படிக்க முடியாத உயரம்.

பஸ்தீல் சிறைக்கோட்டையை இடித்தபோது கிடைத்த போலீஸ் காகிதங்களில் என் பெயர் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கும். 1775, நவம்பர். பக்கத்தில் கூலி என்கிற இடம் காலியாக இருக்கும், பாருங்கள். நான் காசு வாங்கித் துப்புச் சொன்னவன் அல்ல. எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் எல்லோரும் இளவயது. இந்தக் கருத்தெல்லாம் காற்றில் வந்து உங்கள் தலையில் இறங்கியதாக நினைக்கிறீர்கள். அது எந்த வழியாக நடந்து வந்தது என்று சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் மதாம் த பிரெலி வீட்டில் பகல் விருந்து. பன்னிரண்டு நாற்காலி. யார் எங்கே உட்காருவது, எதைப் பற்றிப் பேசுவது எல்லாம் அந்த அம்மாள் முடிவு. பேச்சு சண்டையாகத் திரும்பினால் விசிறியை மடக்குவார், பேச்சு நின்றுவிடும். சாப்பாடு முடிந்ததும் யாராவது கையெழுத்துப் பிரதி ஒன்றை எடுத்து வாசிப்பார். இது கூர்மையாக இருக்கிறது, அது மழுங்கல் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எழுதியவர் வீட்டுக்குப் போய்த் திருத்துவார். விருந்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் நினைவிலிருந்து எழுதி வெளியூருக்குக் கடிதம் போடுவார்கள். அந்தக் கடிதம் அங்கே இன்னொரு வீட்டு விருந்தில் வாசிக்கப்படும்.

திருத்திய பிரதி எங்கள் பட்டறைக்கு வரும். அரசரின் தணிக்கையாளர் முன்னால் வைக்க முடியாத சரக்கு. ஆகவே நிலவறையில் அடிப்போம், முதல் பக்கத்தில் அச்சான ஊர் லண்டன் என்று பொய்யாகப் போடுவோம். தாளை முதல் நாளே நனைத்து வைக்க வேண்டும். ஒருவன் தோல் பந்தால் எழுத்தின் மேல் மை ஒற்றுவான், ஒருவன் தண்டை இழுப்பான். மணிக்கு இருநூற்றைம்பது தாள். அந்தத் தோல் மிருதுவாக இருக்க இரவெல்லாம் மூத்திரத்தில் ஊறவைப்போம். மனித உரிமைகளைப் பற்றிய அத்தனை வாக்கியமும் அந்த வாசனையோடுதான் பிறந்தது.

அங்கிருந்து காப்பிக் கடை. நான் போனது மெர்லா கடைக்கு. பளிங்கு மேஜை, கண்ணாடிச் சுவர், சதுரங்கம் ஆடும் கிழவர்கள். துண்டுப் புத்தகம் வாங்கக் காசில்லாதவன் ஒரு கோப்பை காப்பிக்குக் காசு கொடுத்தால் போதும், யாராவது மேஜை மேல் ஏறி உரக்க வாசிப்பார்கள். கேட்பவர்கள் நாற்பது பேர். மறுநாள் நாற்பது பட்டறைகளில் அதே பேச்சு. வக்கீல் குமாஸ்தா ஒருவன் தனக்குப் பிடித்த பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொள்வான். மூன்றாம் நாள் மீன் விற்கிற பெண்கள் வரிவசூல்காரனிடம் அதே வாக்கியத்தைச் சொல்லித் திட்டுவார்கள். போலீஸின் ஆட்களும் அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள். அவர்களைவிடக் கவனமாகக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வாசித்தது நான். எனக்குக் குரல் உண்டு. படிக்கவும் தெரியும். ஈய எழுத்தைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்துக் கற்றது. நேராக இருக்கும் எழுத்தைப் படிக்கப் பிறகுதான் பழகினேன்.

உங்கள் சுவரில் இருக்கும் அந்தப் பத்தியை எழுதியவர் அபே வோசெல். பெயருக்குத்தான் சாமியார், ஒரு நாளும் பூசை வைத்ததில்லை. அச்சான முதல் தாளைத் திருத்தம் பார்க்க மதாம் வீட்டுக்குக் கொண்டுபோய் முன்னறையில் நின்றேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு கிழவர் கேட்டார்:

"நமக்குள்ள பேசிக்கிறது சரி வோசெல். அச்சுல போட்டா கண்டவனும் படிப்பானே?"

"படிக்கத் தெரிஞ்சவன் படிக்கட்டுமே."

"அச்சடிக்கிறவன்?"

"அவனா? தண்ணி சுமக்கிற கழுதை முதுகுல இருக்கிறதையா குடிக்குது? இழுப்பான், காயப்போடுவான், கூலிய வாங்கிட்டுக் குடிக்கப் போவான்."

"மெதுவா. ஆள் வெளியில நிக்கிறான்," என்றார் மதாம்.

"நிக்கட்டும் மதாம். அவனுக்குப் புரிஞ்சா எனக்குப் பெருமைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, சாப்பிட்டவர்களின் சிரிப்பு. இதனால் எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு கேள்விதான் வந்தது. இந்த மனிதர் எழுதுவதை இவரே நம்புகிறாரா? அறிவு என்றால் சோதித்துப் பார்ப்பது என்று அதே புத்தகத்தின் ஆறாம் பக்கம் சொல்கிறது.

சோதனைக்கு ஓர் ஆள் வேண்டும். பெரீன் லூரோ எங்கள் சரக்கை விற்ற கூடைக்காரி. விதவை. புருஷன் விட்டுப்போன பித்தளை வில்லை அவளிடம் இருந்தது. அதைக் குத்திக்கொண்டால் பஞ்சாங்கமும் அரசாணையும் விற்கலாம். பஞ்சாங்கத் தாள்களுக்கு நடுவே எங்கள் தாளைச் செருகிக் கொடுப்போம். நான்தான் செருகுவேன், மூன்றுக்கு ஒன்று. அவளுக்கு எழுத்துத் தெரியாது. வாய் மட்டும் ஓயாது.

"என்ன கரடியாரே, இன்னிக்கு எத்தனை ராஜாவைக் கவுத்தீங்க?"

"ராஜா இல்ல. மந்திரிங்க ரெண்டு பேரு."

"மந்திரியெல்லாம் வெலை போகமாட்டானுங்க அண்ணே. பிஷப்பு கதை ஏதாச்சும் போடுங்க, கூடை காலியாயிடும்."

உள்ளே என்ன இருக்கிறது என்று எப்போதும் கேட்பாள். அன்று அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இது நல்லா இருக்கு. மத்ததெல்லாம் வளவளன்னு இருக்கு. இதை மட்டும் தனியா அடிச்சா ரெண்டு மடங்கு போகும். யாரு எழுதுனது?"

"தெரியாது."

"யாரோ, பெரிய மனசுக்காரரு."

மறுநாள் காலை அவள் புதுப்பாலத்தை எத்தனை மணிக்குக் கடப்பாள், பஞ்சாங்கக் கட்டுக்குள் எத்தனையாவது தாள் எங்களுடையது என்று, புத்தகங்களைக் கண்காணிக்கும் போலீஸ் இன்ஸ்பெக்டரின் ஆளிடம் போய்ச் சொன்னேன். எட்டே முக்காலுக்குப் பிடித்தார்கள். பட்டறையைக் காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்று நான் பயப்படவில்லை. அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சோதனையில் ஏதாவது ஒரு பொருளாவது அசையாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அவளைத் தேர்ந்தேன்.

இன்ஸ்பெக்டர் சொன்னது இது: எழுதியவர் தானே வந்து ஒப்புக்கொண்டால் விற்றவளை விட்டுவிடுவார்கள். அன்றே மெர்லா கடையில் அபேயைப் பார்த்தேன். அவர் வழக்கம்போலத் தன் புத்தகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். அது அவர்களுடைய வழக்கம். பெயரில்லாமல் எழுதியவன்தான் முதல் ஆளாகத் தன் புத்தகத்தை இகழ வேண்டும். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாததுபோல் இருப்பார்கள்.

"அபே சாமி, கூடைக்காரி பெரீனைப் பிடிச்சுட்டாங்க."

"எந்தப் பெரீன்?"

"உங்க புத்தகத்தை வித்தவ. எழுதினவரு வந்து சொன்னா விட்டுருவாங்களாம்."

"எனக்கேதுப்பா புத்தகம்?" காப்பியைக் கலக்கினார். "பாவம்தான். சட்டம் மாறணும். அதுக்குத்தான் இவ்வளவு பேரும் எழுதிட்டு இருக்காங்க."

பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். பெரீனை இருட்டறையில் வைத்து விசாரித்தார்கள். அபே தினமும் காப்பி குடித்தார். அதோடு என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒரே சோதனையை நம்பக் கூடாது என்பார்கள்.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மேஜை மேல் ஏறி அவருடைய புத்தகத்தை வாசித்தேன். நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மூன்றாம் பக்கம் வந்தது. அந்தப் பத்தியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மூலையில் அபேயின் நாற்காலி நகர்ந்தது.

"நிறுத்துப்பா. அதுக்கு முன்னாடி ஒரு பத்தி இருக்கு."

"இதுல காணோமே சாமி."

"இருக்கு. உனக்குப் படிக்கத் தெரியல."

எழுந்து நின்று, கையில் ஒரு தாளும் இல்லாமல், அதை முழுவதும் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. கண் கலங்கியிருந்தது. முடித்தபோது கடையில் யாரும் கோப்பையைத் தொடவில்லை. தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது உட்காரும்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுநாள் காலை, குற்றம் சொல்லாமலே சிறைவைக்கும் அரச முத்திரைக் கடிதத்தோடு வந்து அழைத்துப் போனார்கள்.

ஒரு பெண்ணுக்காக எழாத மனிதர் ஒரு பத்திக்காக எழுந்தார். நீங்கள் சுவரில் மாட்டியிருப்பது அவருடையது. இதைவிடச் சுத்தமான நிரூபணத்தை எந்த விஞ்ஞானியும் காட்டியிருக்க முடியாது.

அவருக்கு நாற்பது நாள். கோட்டைக்குச் சொந்த மெத்தை போனது, புத்தகம் போனது, மதாம் வீட்டிலிருந்து ஒயின் போனது. எழுதியது தான்தான் என்று அங்கேயும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மதாம் ஒரு மந்திரியிடம் பேசினார், கேள்வியே கேட்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் பெரீனுக்குத் தண்டனை ஒன்றும் குறையவில்லை. வெளியே வந்து சிறை அனுபவத்தை எழுதினார். அதையும் நான்தான் இழுத்தேன். ஆறு முறை மறுபடி அடித்தோம்.

பெரீனைச் சந்தைச் சதுக்கத்தில் கழுத்துக் கட்டையில் நிறுத்தி, தோளில் சூடு போட்டு, ஒன்பது வருஷம் என்று பெண்கள் சிறைக்கு அனுப்பினார்கள். அச்சடித்தவன் பெயரைச் சொன்னால் சூடு இல்லை என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்களாம். எண்ணெய் வாடை அடிக்கும் ஒரு கறுப்பு ஆள், முகம் பார்த்ததில்லை என்றாளாம். உங்கள் காகிதத்தில் இருக்கும்.

நீ எழுந்து சொல்லியிருக்கலாமே என்று உங்களில் சின்னவர் கேட்கிறார். என்னவென்று சொல்வேன்? நான் எழுதியவன் அல்ல. இழுக்கிறவன், காயப்போடுகிறவன். எனக்கு அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தவிர, சோதனை செய்கிறவன் அதற்குள் கை விடக் கூடாது.

ஆம், அவளைப் பிடித்துக் கொடுத்தது நான். அந்தத் தாள்களைக் கூடையில் செருகியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

அபே 1788-இல் சாப்பாட்டு மேஜையில் செத்தார். அவரிடம் எனக்குக் கணக்கு ஒன்றும் இல்லை. உங்களிடமும் இல்லை. பெரீன் சிறைக்குப் போன முதல் குளிர்காலத்தில், அங்கிருந்து விடுதலையான ஒரு பெண் பட்டறைக்கு வந்து, பெரீன் சொல்லி அனுப்பியதாகச் சொன்னாள்: கரடி அண்ணனிடம் கேட்டு ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை அனுப்பச் சொல், கல்தரை, கால் மரத்துப்போகிறது. சரி என்றேன். கொடுக்கப் போனால் யார் நீ என்று சிறை வாசலில் கேட்பார்கள். போகவில்லை. பிப்ரவரியில் பெரீன் செத்துப்போனாள்.

ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை. பெரீன் லூரோவுக்கு நான் தரவேண்டியது அது ஒன்றுதான்.