பெரியப்பாவைக் கடைசியில் போடு

பூந்தமல்லி பேருந்து ஐயப்பன்தாங்கலைத் தாண்டியிருந்தது. எனக்கு முன் இருக்கையில் மொட்டைத் தலையோடு ஒருவன், பக்கத்தில் அவன் அக்கா. அவன் கையிலிருந்த போனில் அவர்களுடைய அம்மாவின் படம், அதன் கீழே ‘உற்றார் உறவினர்’ என்று தொடங்கும் நன்றி வாசகம்.

“பெரியப்பாவ கடைசில போடு,” என்றாள் அக்கா.

“உற்றார் உறவினர்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கறாங்க.”

“அம்மா போன அன்னிக்கு ஐஸ் பொட்டிக்கு கரண்டு குடுத்தது எதிர் ஊடு. நம்ம ஊட்ல அடுப்பு எரியல, சோறு ஆக்கிப் போட்டதும் அவங்கதான். காரியம் முடியலன்னு, அவங்க பொண்ணு வளைகாப்ப மேளம் இல்லாம பண்ணாங்க.”

“அத நேர்ல போய் சொல்லிக்கலாம்கா.”

“சாவுக்கு நன்றின்னு அவங்க வாசல்ல போய் நிப்பியா? பதினாறாம் நாள் வந்தவங்க சாப்ட்டுட்டு கெளம்பும்போதுகூட யாருகிட்டயும் போய்ட்டு வாங்கன்னு சொல்லல. சொல்லவும் கூடாது. நன்றி சொல்ல நமக்கு இது ஒண்ணுதான் கீது.”

அவன் அழித்துவிட்டு மறுபடி அடித்தான். தாழ்ந்த குரலில் படித்தான்.

“எங்கள் தாயாரின் மறைவின்போது உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், காரியத்தில் கலந்துகொண்ட உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. இங்ஙனம், குடும்பத்தார்.”

“சரியா கீது. ஸ்டேட்டஸ்ல போடு, குரூப்லயும் போடு.”

அவன் விரல் தயங்கியது. “பெரியப்பா பாத்தா சண்டைக்கு வருவாருக்கா.”

அவள் கையை நீட்டி, தானே அனுப்பினாள்.

“வரட்டும். சாவுக்குத்தான் வரல, சண்டைக்காச்சும் வரட்டும்.”