துருவி எடுத்த விருது

முன்னிலை வகித்து முகம் மலர்ந்து வீற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, "இவன் எப்போது முடிப்பான்?" என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் முதுபெரும் பெரியோர்களே! வீட்டு வேலையை விரைந்து முடித்துவிட்டு வேர்வை உலராமல் வந்திருக்கும் தாய்மார்களே! சொல்லைச் சொடுக்கிப் பார்த்துச் சுகம் காணும் சொல்விளையாட்டு மன்றத்துச் சொந்தங்களே! மூன்றாம் வரிசையில், தூணை ஒட்டி, கைகட்டி உட்கார்ந்திருக்கும் என் சகலையே! அவருக்கு இருபுறமும் அமர்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் அக்கா தங்கை இருவரே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்த ஆண்டின் சிறந்த சொல்லிணைக்கான கேடயம் எனக்கு என்று தலைவர் அறிவித்தார். கைதட்டினீர்கள். கொஞ்சம் பொறுங்கள். தட்டிய கையைத் திரும்பப் பெற வேண்டி வரலாம்!

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை திருப்பி எழுத வேண்டும். பிறப்பது வேறொரு சொல்லாக இருக்க வேண்டும். இதுதான் எங்கள் விளையாட்டு. ஆங்கிலத்தில் மன அழுத்தத்தில் தவிப்பவரைச் சொல்லும் 'ஸ்ட்ரெஸ்டு' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகத் திருப்பினால், சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பான 'டெசர்ட்ஸ்' வருமாம். தமிழில் வராதா? ஏன் வராது? 'கைதி'யைத் திருப்புங்கள், 'திகை' என்று நிற்கும். 'துவை' என்ற சொல்லைத் திருப்புங்கள், 'வைது' என்று ஏசும்!

என்ன? பின்வரிசையில் ஒரு தம்பி, "தாத்தா, பாப்பா" என்கிறார். தம்பி, அவை திருப்பினாலும் அதே தாத்தா, அதே பாப்பாதான். நமக்கு வேண்டியது வேறு ஆளாக மாறி வருவது. இங்கே ஓர் அம்மா, "அம்மா என்பதைத் திருப்பலாமா?" என்கிறார். முடியாது தாயே! அகரம் சொல்லின் தலையில்தான் நிற்கும், வாலில் நிற்காது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல் எதுவும் நமக்கு ஆகாது. மெய்யெழுத்தில் முடியும் சொல்லும் ஆகாது. 'மரம்' என்பதைத் திருப்பினால் புள்ளி வைத்த மகரம் முன்னே வந்து முழிக்கும். 'மலை'யும் ஆகாது, தமிழ்ச்சொல் எதுவும் 'லை' என்று தொடங்காது. 'பந்து' ஆகுமா? 'துந்ப' என்று பல்லை உடைக்கும்! ஆயிரம் சொல்லைச் சலித்தால் ஒன்று தேறும்.

கணினியிடம் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். நான் மெய்ப்புத் திருத்தும் அச்சகத்தில், கணினிப் பிரிவில் இருக்கும் பெண் தட்டிப் பார்த்தார். 'கைதி'யைத் திருப்பச் சொன்னால், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாய் உதிர்ந்து விழுந்தது. "சார், மிஷினுக்கு க-வும் கொம்பும் வேற வேற சார்" என்றார். 'கை' ஓரெழுத்து என்பது நமக்குத் தெரியும், அந்தப் பெட்டிக்கு அன்று தெரியவில்லை.

ஆகவே மனத்தால் தேடினேன். இருபத்தாறு ஆண்டுகளாக மற்றவர் பிழையைத் திருத்திப் பழகிய கண்ணோடு தேடினேன். 'ரு' என்ற எழுத்து நடுவில் நின்றால் கதவுக் கீல்போல இரு பக்கமும் திரும்பும் என்று கண்டுகொண்டவன் நான். 'திருகு' என்பேன், 'குருதி' கசியும். 'தருக' என்பேன், 'கருத' வைக்கும். 'கருதி' என்பேன், 'திருக' வரும். 'மிருக' குணத்தைத் திருப்பினால் யார் வருவார்? 'கருமி' வருவார்! அன்று இந்த மன்றம் எழுந்து நின்று கைதட்டியது. என்னை நடுவராக்கியது. மாதந்தோறும் உறுப்பினர் மடித்துப் போடும் சீட்டைப் பிரித்துப் பார்த்து, ஏற்பது, தள்ளுவது என் கையில் இருந்தது.

அப்போதுதான் என் சகலை வந்தார். என் மனைவியின் தங்கை கணவர். பூட்டுக்கடைக்காரர். படிப்பு எட்டாவது. விருந்தினராகத்தான் வந்தார். வந்த அன்றே எழுந்து, "அண்ணே, எனக்கு ஒண்ணு தோணுது. 'சாவி'யைத் திருப்பினா 'விசா'!" என்றார்.

அரங்கம் அதிர்ந்தது. எனக்கோ அடிவயிறு எரிந்தது.

"எப்படிப்பா கண்டுபுடிச்சே?" என்று தலைவர் கேட்டார்.

"வெளிநாடு போற ஒருத்தர் வந்தாருங்க. விசா கெடைச்சிருச்சு, பெட்டிச் சாவி கெடைக்கலன்னு ஒரே அழுகை. பெட்டியத் தொறந்துக்கிட்டே இருந்தேன், ரெண்டும் ஒண்ணா காதுல விழுந்துச்சு."

காதில் விழுந்ததாம்! நான் கண் பூத்துத் தேடுவது இவர் காதில் வந்து விழுகிறதாம்!

ஒருநாள் அவர் கடைக்குப் போய் உட்கார்ந்து உளவு பார்த்தேன். ஆம் ஐயா, உளவுதான்! சுவரெங்கும் சாவிகள். மேசையில் ஓர் அரம், ஓர் எண்ணெய்க் குப்பி, ஒரு துணி. ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். "இதுல அஞ்சு வெட்டு இருக்கு பாருங்கண்ணே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆழம். சில கம்பெனி பிடிப் பக்கத்துலேர்ந்து எண்ணும், சிலது நுனியிலேர்ந்து எண்ணும். திசைய மாத்தி வெட்டிட்டா அதே அஞ்சு ஆழம்தான், ஆனா வேற பூட்டோட சாவி ஆயிரும். அதனால எதைப் பார்த்தாலும் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் படிச்சுப் பழகிருச்சு."

எனக்குத் தொழில் படிப்பது. ஆனால் ஒரு திசையில் மட்டும்! வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கப் பிடிக்கவில்லை. "என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள் மனைவி. "தலைவலி" என்றேன். அடுத்தவன் ஏறினால் நமக்கு வருகிற வலிக்குத் தலைவலி என்றுதானே வீட்டில் பெயர் சொல்கிறோம்?

அதற்கடுத்த மாதம், உறுப்பினராகவும் சேர்ந்துவிட்ட அவர் போட்ட சீட்டைப் பிரித்தேன். கோணல் கையெழுத்தில் இரண்டே சொல்.

விருது. துருவி.

மன்றத்தாரே! இரண்டு ஆண்டுகள் 'ரு'வை நடுவில் வைத்துக் கட்டம் போட்டவன் நான். க போட்டேன், கு போட்டேன், தி போட்டேன், மி போட்டேன். 'விருது' என்று எழுதிப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை? பகலெல்லாம் எதற்கு ஏங்கினேனோ, படுக்கையில் எதற்குப் புரண்டேனோ, அந்தச் சொல்லையே எழுதிப் பார்க்கவில்லை! பழைய பூட்டுக்குள் துருவைத் துருவி எடுக்கும்போது அவருக்குக் கிடைத்ததாம்.

என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மையால் எழுதினேன்: "தள்ளுபடி. துருவி என்பது வினையெச்சம். தனிச்சொல் அன்று."

பொய்! என் 'கருதி'யும் வினையெச்சம்தான், அதை நானே ஏற்றேன். அதுமட்டுமா? துருவி என்பது பெயர்ச்சொல்லும் கூட. காய் துருவும் கருவிக்குத் துருவி என்றுதான் பெயர். அந்தச் சொல் இருக்கும் அகராதிப் பக்கத்துக்கு மெய்ப்புத் திருத்தியவனே நான்! தெரிந்தே தள்ளினேன். சகலை சீட்டை வாங்கிப் பார்த்தார். "சரிண்ணே" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அதோடு விட்டேனா? ஆறு மாதம் கழித்து ஒரு வார இதழ், வாசகரின் சிறந்த சொல்லிணையை அனுப்பச் சொன்னது. என் கை அனுப்பியது. அவர் சொல்லை, என் பெயரில். அச்சில் வந்தது. அதைப் பார்த்துத்தான் ஐயா, இந்த மன்றம் இன்று எனக்குக் கேடயம் தருகிறது!

ஆம், முணுமுணுங்கள். முணுமுணுக்கத்தான் வேண்டும்.

இதழ் வந்த அன்று என் மனைவி பூரித்துப்போய்த் தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "உங்க மாமா பேரு வந்திருக்குடி!" என்றாள். "எந்தச் சொல்லுக்கா?" என்று கேட்டுக்கொண்டு தங்கை வைத்துவிட்டாள். மறுநாள் நேரில் வந்தாள். என் சிவப்பு மை இருந்த சீட்டை மேசைமேல் வைத்தாள். "இது யாரு கையெழுத்துக்கா?" என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்க எழுதினதா?" என்றாள். நான் சீட்டைக் கவிழ்த்து வைத்தேன். அன்று முதல் இன்றுவரை அவள் என்னோடு சாப்பாட்டுக்கு மட்டும்தான் பேசுகிறாள். "இருக்கு", "தீர்ந்துருச்சு" என்ற இரண்டே சொல்.

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து, நானே சகலையின் கடைக்குப் போனேன். சண்டை வந்தால் நானும் கத்தலாம், கத்தினால் பாரம் இறங்கும் என்று போனேன். அவர் அரத்தைக் கீழே வைத்தார். இதழை எடுத்தார். அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தார்.

"அச்சுல பார்க்க இன்னும் நல்லா இருக்குண்ணே" என்றார்.

"ஏன்யா, உனக்குக் கோவமே வரலையா?"

"வந்துச்சு. ஒரு வாரம் உங்க வீட்டுப் பக்கமே பார்க்கக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா ஒரு விஷயம். நீங்க தள்ளினப்போ, இது ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு நான் நம்பிட்டேன். நீங்க எடுத்துக்கிட்டதும்தான், நல்ல சரக்குன்னு தெரிஞ்சுச்சு."

சொல்லிவிட்டு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். "இதையும் பாருங்க. 'கழுவி' திருப்பினா 'விழுக'. செல்லுமாண்ணே?"

திருடிய என்னிடமே தீர்ப்புக் கேட்கிறார்! அடித்திருந்தால் ஆறியிருக்கும். அவருடைய சொல்லைத்தான் எடுக்க முடிந்தது, அந்த மனத்தை எடுக்க முடியவில்லையே என்று அங்கேயும், அந்த நொடியிலும், எனக்குப் பொறாமைதான் வந்தது!

"செல்லும்" என்றேன்.

பெரியோர்களே! பொறாமை போய்விட்டது, மனம் தெளிந்துவிட்டது என்று இங்கே நான் சொன்னால் அது இன்னொரு திருட்டு. போகவில்லை! இந்த நிமிடமும் எரிகிறது. எரிகிற வயிற்றோடு நியாயம் செய்யக் கூடாதா? எரிச்சல் அணையட்டும் என்று காத்திருந்தால் எந்த மனிதன் எந்தக் காலத்தில் நியாயம் செய்வான்? குளிர்ந்த மனத்தோடு கொடுப்பவன் கொடையாளி. கொதிக்கிற மனத்தோடும் கொடுத்தே தீர வேண்டியவன் கடன்பட்டவன். நான் இரண்டாமவன்!

தலைவர் அவர்களே, என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதுங்கள். நடுவர் பதவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். சகலை, மேடைக்கு வாருங்கள். இந்தக் கேடயம் உங்களுடையது.

தலையை ஆட்டுகிறார். வரமாட்டேன் என்கிறார். பக்கத்தில் தங்கை, "போங்களேன்" என்று முழங்கையால் இடிக்கிறாள். மறுபடியும் தலையை ஆட்டுகிறார். நியாயம்தான். எழுந்து வர வேண்டியவர் அவரா?

படியில் நிற்கும் அன்பர்கள் கொஞ்சம் வழி விடுங்கள். நானே இறங்கி வருகிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பொறுக்க முடியாமல் கேட்ட தாய்மார்க்கும் நன்றி. வணக்கம்.